பெசியர் வளைவில் கேமரா கிளம்பும்போது வேகம் துள்ளுகிறது

சொந்தமாக எழுதும் விளையாட்டில், முப்படிப் பெசியர் வளைவில் கேமராவைச் சீராக நகர்த்த வேண்டும். வினாடிக்கு 0.5 அலகு, 60 ஃபிரேம். புள்ளிகள்: P0 = P1 = (0,0), P2 = (18,24), P3 = (40,0).

முதலில் இதைப் போட்டேன்:

```
t += v * dt / length(dB(t));
```

P0, P1 ஒன்றாக இருப்பதால் t = 0-இல் வகைக்கெழு பூஜ்யம். கேமரா ஒரே தாவலில் கடைசிக்குப் போய்விட்டது.

அடுத்து, 32 இடைவெளிகளில் வில்நீள அட்டவணை போட்டு, தூரத்தைத் தேடி, நடுவில் நேர்கோட்டு இடைக்கணிப்பு. மற்ற இடமெல்லாம் வெண்ணெய் மாதிரி ஓடுகிறது. தொடக்கத்தில் மட்டும் சுமார் 10 ஃபிரேமுக்கு வேகம் 0-இலிருந்து ஏறி ஏறி 1.0-ஐத் தொட்டு, சட்டென்று 0.33-க்கு விழுகிறது. அங்கே தூரம் t²-ஆக வளர்வதை நேர்கோடு பிடிக்கவில்லை என்பது என் ஊகம்.

128 ஆக்கினால் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் ரீப்ளேயைப் பத்தில் ஒரு பங்கு வேகத்தில் ஓட்டினால் அதே துள்ளல். அட்டவணையை வளர்த்துக்கொண்டே போக மனமில்லை.

முதல் இடைவெளிக்கு மட்டும் வர்க்கமூல இடைக்கணிப்பு போதுமா, இல்லை அட்டவணை தரும் t-யிலிருந்து நியூட்டன் முறையில் திருத்துவதுதான் சரியா?