100 ரீடிங் எடுத்தால் பிழை பத்தில் ஒன்றாகுமா?

வரப்பு: கையடக்க ஜிபிஎஸ்ஸில் ஒரே இடத்தில் 100 ரீடிங் எடுத்துச் சராசரி போட்டால் பிழை பத்தில் ஒன்றாகிவிடும் என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். தோட்டத்து எல்லைக்கல்லுக்கு நம்பலாமா?

மூலக்கணக்கு: எழுதியது நான்தான். சராசரியின் பிழை ரீடிங் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுபடும். 100இன் வர்க்கமூலம் 10. 3 மீட்டர் பிழை 30 சென்டிமீட்டராகும். கணக்குப் பொய் சொல்லாது.

சங்கிலி: ஒவ்வொரு ரீடிங்கும் தனித்தனியாகத் தவறினால்தான் அந்தக் கணக்கு செல்லும். நொடிக்கு ஒன்றாக எடுத்த 100 ரீடிங்கும் ஒரே தப்பைத்தான் சொல்கின்றன. அந்த ஒன்றரை நிமிடத்தில் செயற்கைக்கோள்கள் பெரிதாக நகர்வதில்லை, அயனி மண்டலத்தில் சிக்னலுக்கு ஏற்படும் தாமதமும் பெரிதாக மாறுவதில்லை, சுவரில் பட்டுத் திரும்பும் சிக்னலும் ஏறக்குறைய அப்படியே வருகிறது.

போன மாதம் தென்னைக்கு அடியில் ஒரு கல். காலை 10 மணிக்கு 120 ரீடிங் எடுத்தேன். எல்லாம் ஒரு மீட்டருக்குள் நெருக்கமாக விழுந்தன. பார்க்க அழகாகத்தான் இருந்தது. 12 மணிக்கு அதே கல்லில் இன்னொரு 120. அதுவும் நெருக்கம்தான். ஆனால் அட்சரேகைச் சராசரியின் ஐந்தாம் தசம இலக்கம் 2இலிருந்து 6 ஆகிவிட்டது. அந்த இலக்கத்தில் ஒன்று என்றால் 1.1 மீட்டர். அதாவது 4 மீட்டருக்கும் மேல் விலகல். பிழை 30 சென்டிமீட்டர் என்றால் இது எப்படி வந்தது?

மூலக்கணக்கு: உங்கள் கருவி பழசு. 100இன் வர்க்கமூலம் 10தான். போன தடவை டேப் விவகாரத்திலும் இப்படித்தான் சண்டைக்கு வந்தீர்கள்.

சங்கிலி: டேப் விஷயத்திலும் நான் சொன்னதுதான் சரி, இப்போதும் அதையேதான் சொல்வேன். 4 மீட்டருக்குப் பதில் சொல்லுங்கள்.

கிணற்றடி: பழைய வரைபடத்தில் என் கிணறு நூறு மீட்டருக்கு மேல் தள்ளி விழுகிறது. எத்தனை ரீடிங் எடுக்க வேண்டும்?

சங்கிலி: லட்சம் எடுத்தாலும் நகராது. டேட்டம், அதாவது இடத்தை அளக்கும் அடிப்படையே வேறு: வரைபடம் எவரெஸ்ட் டேட்டத்தில் இருக்கும், கருவி டபிள்யூஜிஎஸ் 84இல். கருவியின் அமைப்பில் டேட்டத்தை மாற்றுங்கள்.

கிணற்றடி: அப்போ சராசரியே வீண்தானா?

சங்கிலி: அப்படிச் சொல்லவில்லை. ஒன்றரை மணி நேரம் விட்டு விட்டு நாலைந்து தடவை எடுத்தால் பலன் உண்டு, வானம் மாறியிருக்கும். மறுநாள் அதே நேரத்துக்குப் போனால் மட்டும் பிரயோஜனம் குறைவு. செயற்கைக்கோள்கள் தினமும் சுமார் 4 நிமிடம் முன்னதாக அதே அமைப்புக்குத் திரும்பிவிடும், சுவரின் தப்பும் கூடவே வரும். எப்படி எடுத்தாலும் எல்லைக்கல்லுக்கு இது போதாது.

வரப்பு: அப்போ நான் எத்தனை தடவை போகணும்?

மூலக்கணக்கு: ஒரே தடவை, 100 ரீடிங். சங்கிலி சார், 12 மணிக்குக் கருவியை அதே இடத்தில்தான் வைத்தீர்களா? அதில்தான் சந்தேகம்.

சங்கிலி: காலையிலேயே கருவியைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டுத்தான் கிளம்பினேன்.

மூலக்கணக்கு: சரி, 100இன் வர்க்கமூலம் எவ்வளவு?