துணி நனைந்தால் குறைவதற்கும், அதற்காகக் கூட வாங்கும் நீளத்துக்கும் என்ன சொல்?

கதிரவன்:

வணக்கம். மாலை நேரத் தையல் வகுப்பு ஒன்றுக்குப் பாடக்குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறோம். துணி வாங்கும் பக்கத்தில் இரண்டு சொல் முட்டுகிறது. ஒன்று, நனைத்துக் காயவைத்தால் துணி நூற்றுக்கு எவ்வளவு குறையும் என்பது. இன்னொன்று, அந்தக் குறைவை எதிர்பார்த்து கடையிலேயே கூடுதலாக வாங்கும் நீளம். 'சுருக்கம்', 'சுருக்க விடுப்பு' என்று எழுதியிருந்தேன். வகுப்பில் படித்துக் காட்டியதும் ஒரு பெண், "சார், இது பாவாடைக்குச் சுருக்கு வைக்க விடுற துணியா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. தையலில் சுருக்கு என்றால் கொசுவிச் சேர்ப்பதுதான். வேறு சொல் வேண்டும்.

ராஜேந்திரன்:

இதற்கு ஏன் புதுச்சொல்? 'தையல் விடுப்பு' ஏற்கனவே இருக்கிறது. பக்கத்துக்கு அரை அங்குலமோ ஒரு அங்குலமோ உள்ளே விட்டுத் தைப்பார்கள், பிறகு பிரித்து விட்டுக்கொள்ளலாம். துணி சுருங்கினாலும் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே?

மங்கை:

ராஜேந்திரன் சார், நீங்கள் சொல்வது தைத்து முடித்த பிறகு உடம்பு பெருத்தால் பிரிக்கிற துணி. கதிரவன் தம்பி கேட்பது வெட்டுவதற்கு முன்னால் நடக்கும் சமாச்சாரம். பக்கத் தையலில் ஒரு அங்குலம் விட்டிருந்தால் அகலத்தில் கொஞ்சம் மீட்கலாம், சரி. ஆனால் பருத்தித் துணி அதிகம் குறைவது பெரும்பாலும் நீளத்தில். சட்டை உயரம் இரண்டு விரல் மேலே ஏறிவிட்டால் பக்கத் தையலைப் பிரித்து என்ன செய்வது? கை நீளம் மணிக்கட்டுக்கு மேலே போய்விட்டால்?

நீளத்தில் ஏன் அதிகம் என்று வகுப்பில் கேட்பார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் முழுக்க இழுத்துக் கட்டி நிற்கும். குறுக்கே ஓடும் ஊடை நூலுக்கு அந்த அளவு இழுப்பு இல்லை. நெய்த பிறகு வெளுக்க, சாயம் போட, கஞ்சி போட என்று ஒவ்வொரு இடத்திலும் துணியை நீளவாக்கில்தான் இழுத்துக்கொண்டு போகிறார்கள். கடையில் நீங்கள் வாங்கும்போது அது இழுத்த நிலையில் காய்ந்து நிற்கும் துணி. தண்ணீரில் போட்டதும் நூல் ஊதி, அந்த இழுப்பு விட்டு, பழைய இடத்துக்குப் போய் உட்காருகிறது. நூல் எங்கும் காணாமல் போகவில்லை, நெளிந்து நெருங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். நனைத்த துணி கையில் சற்றுக் கெட்டியாகத் தெரிவது அதனால்தான். கஞ்சி அதிகம் போட்ட துணியில் மட்டும் கஞ்சி போய்விடுவதால் மெலிந்ததாகத் தோன்றும்.

செந்தில்:

கணக்கு ரொம்ப எளிது. 5 விழுக்காடு குறையும் என்றால் 5 விழுக்காடு சேர்த்து வாங்க வேண்டியது. இரண்டேகால் மீட்டர் வேண்டுமா, 1.05-ஆல் பெருக்கு. சொல்லுக்கு 'குறுக்கம்' என்பது என் பரிந்துரை. ஐகாரக் குறுக்கம், ஔகாரக் குறுக்கம் என்று இலக்கணத்திலேயே இருக்கிறது. இதுவும் கைத்தறிக்கும் கதருக்கும் மட்டும்தான் வேண்டும். மில் துணி சுருங்காது, ஓரத்தில் 'சான்ஃபரைஸ்டு' என்று முத்திரையே போட்டிருப்பார்கள்.

மங்கை:

அந்த முத்திரை இருந்தால் நம்பலாம். சான்ஃபர்டு கிளூயட் என்ற அமெரிக்கர் பெயரால் வந்தது அது. துணியை ரப்பர் பட்டையோடு சேர்த்து அழுத்தி நீளவாக்கில் ஆலையிலேயே குறுக்கி விடுகிறார்கள். அதற்கப்புறம் வீட்டில் குறைய மிச்சம் ஒரு விழுக்காடு அளவில்தான் இருக்கும். ஆனால் ஆலையில் நெய்த துணியெல்லாம் அந்த இயந்திரத்துக்குள் போய் வந்தது இல்லையே. லைனிங்குக்கு வாங்கும் மலிவு பாப்ளின் ஆலைத்துணிதான், நனைத்துப் பாருங்கள். ரேயான் இன்னும் மோசம். பாலியெஸ்டர் சட்டைத் துணிக்குத்தான் இந்தக் கவலையே வேண்டாம்.

கணக்குக்கு வருகிறேன். சட்டைக்கு 2.25 மீட்டர் வேண்டும், துணி 5 விழுக்காடு குறையும் என்று வைப்போம். உங்கள் வழியில் 2.36 மீட்டர் வாங்குவோம். அது நனைந்ததும் தன் முழு நீளத்தில் 5 விழுக்காடு குறையும், நாம் கூடச் சேர்த்த துண்டும் சேர்ந்தே குறையும். கைக்கு வருவது 2.24 சொச்சம். அரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூட இடிக்கும், அதற்காக எந்தத் தையல்காரரும் அழமாட்டார். ஆனால் 10 விழுக்காடு குறையும் ரேயானுக்கு உங்கள் கணக்குப்படி 2.475 வாங்கினால் 2.23-தான் மிஞ்சும். இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் பற்றாக்குறை, கீழ்மடிப்புக்கு வைத்த துணி போய்விட்டது. 2.25-ஐ 0.9-ஆல் வகுத்து 2.50 வாங்குவதே சரி. அதே மாதிரி 5 விழுக்காட்டுக்கு 0.95-ஆல் வகுத்தால் 2.37 வரும், கடையில் 2.40 என்று கேட்டு வாங்கிவிடலாம்.

'குறுக்கம்' என்றால் என் பிள்ளைகள் குறுக்குவாட்டு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். நேர், குறுக்கு, கிராஸ் என்றுதான் நாள் முழுக்கப் பேச்சே.

ஜெயந்தி:

என் கதையைச் சொல்லலாமா? பட்டுப் புடவையின் ஜாக்கெட் துணியை உள்ளூர்க் கடை ஒன்றில் தைக்கக் கொடுத்தேன். லைனிங் அவர்களே போட்டார்கள். கட்டிப் பார்த்தபோது கச்சிதம். ஒரு தடவை வீட்டில் தண்ணீரில் அலசியதும் முதுகுப் பக்கம் முழுக்கக் கொப்புளம் கொப்புளமாக நிற்கிறது. கைக்குழியில் இறுக்கம் வேறு. எத்தனை அயர்ன் பண்ணியும் போகவில்லை. பட்டு சுருங்கிவிட்டதா?

மங்கை:

சுருங்கியது பட்டு இல்லை ஜெயந்தி, உள்ளே இருக்கிற லைனிங். அது குறைந்துவிட்டது, மேல்துணி குறையவில்லை. மிச்சமான பட்டு எங்கே போகும், கொப்புளமாக எழும்பும். நிச்சயம் பண்ண வேண்டுமா? ஜாக்கெட்டை உள்புறம் திருப்பி மேசையில் பரப்புங்கள். லைனிங் தட்டையாக, விறைப்பாக நின்று, பட்டு மட்டும் தொளதொளவென்று இருந்தால் விஷயம் அதுதான். லைனிங்கைப் பிரித்து, நனைத்த துணியில் வேறு வெட்டிப் போடுவதுதான் வழி. அயர்ன் பண்ணி சரியாகாது.

எங்கள் கடையில் லைனிங்கை வாங்கிய அன்றே வாளியில் போட்டுவிடுவோம். வெட்டிய ஓரத்தில் நூல் பிரியாமல் ஒரு ஓட்டுத் தையல். துணி முழுக்க முங்கும்படி வெறும் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறும். சாயம் கசிந்தால் இரண்டு மூன்று தண்ணீர் மாற்றுவோம். இல்லாவிட்டால் வியர்வையில் அந்தச் சாயம் மேல்துணிக்கு ஏறும். பிழிவதில்லை. கொடியில் ஒரு முனையைப் பிடித்துத் தொங்கவிடவும் கூடாது, ஈரத் துணியின் பாரமே அதை மறுபடி இழுத்துவிடும். நடுவில் மடித்து நிழலில் போட வேண்டும்.

அப்புறம் அயர்ன். இங்கேதான் பலர் செய்த வேலையைத் தாங்களே கெடுக்கிறார்கள். லேசான ஈரம் இருக்கும்போது பெட்டியை வைத்து, எடுத்து, அடுத்த இடத்தில் வைத்து என்று அழுத்த வேண்டும். முன்னும் பின்னும் தேய்த்து இழுத்தால் ஈரத்துணி நீண்டு கொடுக்கும், அப்படியே காய்ந்துவிடும். டேப் வைத்தால் ஒன்றும் குறையாத மாதிரி காட்டும். முதல் துவைப்பில் வேலையைக் காட்டிவிடும். ரேயானில் இது இன்னும் அதிகம். கரை இழுத்துப் பிடித்து நடுத்துணி தொய்ந்தால், கரையில் ஒரு சாணுக்கு ஒரு சின்ன வெட்டு கொடுத்துவிட்டு அழுத்துவோம்.

கதிரவன்:

இந்த நூற்றுக்கு எவ்வளவு என்பதை வகுப்பில் எப்படிக் கண்டுபிடிக்கச் சொல்வது? கடைக்காரரைக் கேட்டால் "சுருங்காது மேடம்" என்பார்.

மங்கை:

முழங்கைக்கு மேல் நீளமாக ஒரு துண்டு, 60 சென்டிமீட்டர் வாங்கச் சொல்லுங்கள். கரையிலிருந்து தள்ளி, பாவு வாக்கில் 50, ஊடை வாக்கில் 50 அளந்து நான்கு மூலையிலும் நூலால் குறி போட வேண்டும். பேனா போட்டால் அழிந்துவிடும். மேலே சொன்ன மாதிரி நனைத்து, காயவைத்து, அழுத்தி, குறிக்குக் குறி அளக்க வேண்டும். போன மாதம் கைத்தறிச் சட்டைத் துணி ஒன்றில் நீளவாக்கில் 47.5 நின்றது, அகலத்தில் 49. அதாவது நீளத்தில் 5, அகலத்தில் 2. அடுத்த தடவை அதே நெசவுக்காரரிடம் வாங்கியதும் இதே அளவில் வரும் என்று எழுதிவைக்காதீர்கள், தறிக்குத் தறி மாறும். சோதிக்க நேரம் இல்லாவிட்டால் பருத்திக்கு மீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் என்று வாங்கிவிடுவோம். சில சமயம் மிஞ்சும், பரவாயில்லை.

ஆனால் அகலம் என்று ஒன்று இருக்கிறது. 36 அங்குலப் பன்னா, 2 விழுக்காடு குறைந்தால் முக்கால் அங்குலம் போச்சு. முன்பாகமும் பின்பாகமும் பக்கத்துப் பக்கம் கரைக்குக் கரை இடிக்க வைத்து வெட்டுகிற அளவாக இருந்தால், நனைத்த பிறகு இரண்டும் ஒன்றாக நிற்காது. நீளம் பத்து சென்டிமீட்டர் கூட வாங்கி அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து வெட்ட வேண்டியதாகி, துணி கிட்டத்தட்ட ஒரு சட்டை உயரம் கூடக் கேட்கும். அதனால் பெரிய உடம்புக்கு முதலில் பன்னாவைக் கணக்குப் பார்க்க வேண்டும், அப்புறம்தான் மீட்டர்.

செந்தில்:

வகுத்தல் கணக்கை ஒப்புக்கொள்கிறேன். சொல்லுக்கு இப்படி வைக்கலாமா: விழுக்காட்டுக்குச் 'சுருங்கல்'. வினையிலிருந்து வந்தது, கொசுவும் சுருக்கோடு குழம்பாது. கூட வாங்குவதற்குச் 'சுருங்கல் விடுப்பு'.

ராஜேந்திரன்:

'விடுப்பு' வேண்டாம். நானே முதலில் குழம்பியது அந்தச் சொல்லால்தான். விடுப்பு என்றால் தைத்த துணிக்குள் விட்டது, பிரித்தால் கிடைக்கும். இது தண்ணீரோடு போய்விடுகிற துணி. 'சுருங்கல் ஈடு' என்று வையுங்கள்.

மங்கை:

சுருங்கல் நல்ல சொல், வாயில் நிற்கிறது. 'ஈடு' அடகுக் கடையை ஞாபகப்படுத்துகிறது. எங்கள் கடையில் "நனைப்புக்கு எவ்வளவு சேர்த்துருக்கு?" என்றுதான் கேட்போம். 'நனைப்புக் கூடுதல்' என்றால் எல்லாருக்கும் புரியும். வெட்டுவதற்கு முன் ஊறவைப்பதும் 'நனைப்பு'தான், அதற்குத் தனிச்சொல் வேண்டாம்.

செந்தில்:

கம்பளிக் கோட்டுத் துணியை வாளியில் முக்குவதில்லையே, ஈரத்துணி போர்த்தி நீராவியில்தானே அழுத்துகிறார்கள். அங்கே 'நனைப்புக் கூடுதல்' பொருந்துமா?

மங்கை:

அதுவும் ஈரம்தான், தம்பி. ஆனால் கம்பளி எனக்குப் பழக்கம் குறைவு. கோட்டுத் தைக்கிறவர் யாராவது இந்தக் குழுவில் இருந்தால் சொல்லட்டும்.

கதிரவன்:

இப்போதைக்கு விழுக்காட்டுக்குச் 'சுருங்கல்' என்று பாடக்குறிப்பில் ஏற்றிவிடுகிறேன். நீளச் சுருங்கல், அகலச் சுருங்கல் என்று அட்டவணையில் இரண்டு பத்தி. கூட வாங்குவதற்கு 'சுருங்கல் ஈடு', 'நனைப்புக் கூடுதல்' இரண்டையும் போட்டு அடுத்த வகுப்பில் கேட்கிறேன். அது நீளத்துக்கு மட்டும்தான் என்பதையும் அதே வரியில் எழுதிவிடுகிறேன்.

ஜெயந்தி:

மங்கை அக்கா, உள்புறம் திருப்பிப் பார்த்துவிட்டேன். நீங்கள் சொன்ன மாதிரியே லைனிங்தான் விறைத்து நிற்கிறது. புது லைனிங்குக்கு ஒரு மீட்டர் பாப்ளின் போதுமா, நனைப்புக்குச் சேர்த்து?

மங்கை:

கை நீளம் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள், பன்னா எவ்வளவு? முழங்கை வரை என்றால் ஒன்றேகால் வாங்குங்கள்.