ஒரே விடை வந்தும் கோடு தொடாமல் வெட்டுகிறதே?

மாட்டுங்காவில் பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் மகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது மாட்டிக்கொண்டேன். பரவளையம் y = x² − 4x + 5, கோடு y = 2x + k. இரண்டையும் சமப்படுத்தினால் x² − 6x + 5 − k = 0, தன்மைகாட்டி 16 + 4k. k = 0 என்றால் (1, 2), (5, 10) என இரு இடத்தில் வெட்டுகிறது, k = −5 என்றால் சந்திப்பே இல்லை, k = −4 என்றால் x = 3 இரட்டை மூலமாக வந்து கோடு (3, 2)-இல் தொட்டுப் போகிறது. இதுவரை சரி.

அப்புறம் அவள் x = 3 என்ற செங்குத்துக் கோட்டைப் போட்டாள். அதே (3, 2), ஒரே விடைதான், ஆனால் வரைபடத்தாளில் வளைவைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. பிரதியிட்டால் நேரே y = 2 வருகிறது, இருபடிச் சமன்பாடே இல்லை, தன்மைகாட்டிக்கு எங்கே போவது? முடிவிலி, வகையீடு என்று இழுத்துப் பார்த்தேன், அவளுக்கு ஏறவில்லை.

ஒரே விடை வந்தாலும் அது தொடுகோடா, வெட்டுகிற கோடா என்பதை வகையீடு இல்லாமல், இயற்கணிதத்தால் மட்டும் எப்படி விளக்குவீர்கள்?