ஒரே நோட்டு, இரண்டு மதிப்பெண்: ரூப்ரிக்கில் எங்கே பிழை? (உதவி தேவை)

ஒன்பதாம்வகுப்பு_டீச்சர் (வெள்ளி, இரவு 9.10)
அவசரம். செய்முறைச் செயல்பாட்டுக்கு நானே ஒரு ரூப்ரிக் தயாரித்தேன். அதே 24 நோட்டுகளை நானும் பக்கத்துப் பிரிவு டீச்சரும் தனித்தனியாகத் திருத்தினோம். 20 மதிப்பெண்ணில் 11 பேருக்கு மூன்றோ அதற்கு மேலோ வித்தியாசம் வருகிறது. திங்கட்கிழமை மதிப்பெண் பதிய வேண்டும். ரூப்ரிக்கை எப்படிச் சரிபார்ப்பது?

மலைக்கோட்டை (9.22)
என்ன செயல்பாடு? எத்தனை நிலைகள்? வாசகங்களை இங்கே போடாமல் நாங்கள் என்ன சொல்ல முடியும்?

செவிலியர்_பயிற்றுநர் (9.31)
எங்களுக்கும் இதே தொல்லை இருந்தது. கை கழுவும் முறையைத் தேர்வில் பார்க்கும்போது 'முறையாகக் கழுவினார்' என்று ஒரே வரி வைத்திருந்தோம், ஆளுக்கொரு மதிப்பெண் வந்தது. படிப்படியாகப் பிரித்து 'செய்தார், செய்யவில்லை' என்று மாற்றியதும் சண்டை ஓய்ந்துவிட்டது. நீங்களும் நிலைகளை எடுத்துவிட்டு ஆம், இல்லை என்று வையுங்கள்.

நாற்பதாண்டு_அனுபவம் (9.40)
ரூப்ரிக் எழுதுவதற்கு முன் ரூப்ரிக் என்றால் என்னவென்று கற்றிருக்க வேண்டும். இணையத்தில் கிடைத்ததை எடுத்து ஒட்டினால் இப்படித்தான் ஆகும். நாங்கள் நோட்டைப் புரட்டினாலே பையன் எங்கே நிற்கிறான் என்று தெரியும். இந்தத் தலைமுறைக்கு அந்தப் பார்வை இல்லை.

எண்ணிக்கைப்_பிரியன் (9.52)
பெயரடை, வினையடை எதுவும் இருக்கக் கூடாது. எல்லாவற்றையும் எண்ணாக மாற்றுங்கள். '0 பிழை, 1-2 பிழை, 3-5 பிழை, அதற்கு மேல்.' எண்ணுக்கு இரண்டு பொருள் கிடையாது. வேறு மருந்து தேவையில்லை.

ஒன்பதாம்வகுப்பு_டீச்சர் (10.15)
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். தனி ஊசல். 25, 50, 75, 100 செ.மீ. நீளங்களில் 20 அலைவுகளுக்கான நேரத்தை அளந்து எழுத வேண்டும். நான்கு கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 5 மதிப்பெண்.

அளவீடு: மிகத் துல்லியமாக அளந்துள்ளார் / துல்லியமாக அளந்துள்ளார் / ஓரளவு துல்லியமாக அளந்துள்ளார் / துல்லியமின்றி அளந்துள்ளார்.
அட்டவணை: நான்கு நீளங்களும் அலகுகளும் உள்ளன / ஒரு நீளமோ அலகோ விடுபட்டுள்ளது / பல விடுபட்டுள்ளன / அட்டவணை இல்லை.
முடிவு: ஆழமாகப் புரிந்து விளக்கியுள்ளார் / நன்கு புரிந்து தெளிவாக விளக்கியுள்ளார் / ஓரளவு புரிந்துள்ளார் / புரியவில்லை.
ஆர்வம்: மிகுந்த ஆர்வத்துடன் பங்கேற்றார் / ஆர்வத்துடன் / ஓரளவு / ஆர்வமின்றி.

மதிப்பெண் வரிசையாக 4-5, 3-4, 2-3, 0-2.

மலைக்கோட்டை (10.34)
நல்லது, இப்போது பார்க்க முடிகிறது. முதலில் கண்ணில் படுவது கடைசி வரிதான். 3 வாங்கிய மாணவர் இரண்டாம் நிலையா, மூன்றாம் நிலையா? இரண்டிலும் 3 இருக்கிறது. நீங்கள் இருவரும் ஒரே நிலையைத் தேர்ந்தாலும் மதிப்பெண் மாறலாம். நிலைக்கு ஒரே எண் வையுங்கள்.

அடுத்து, மொத்த மதிப்பெண்ணைப் பார்க்காதீர்கள். எந்தக் கூறில் எத்தனை நோட்டுகளுக்கு இருவரும் ஒரே நிலை கொடுத்தீர்கள் என்று எண்ணிச் சொல்லுங்கள். நோய் அங்கேதான் தெரியும்.

இன்னொரு கேள்வி. அந்த டீச்சர் ஆய்வகத்தில் உங்களோடு இருந்தாரா?

ஒன்பதாம்வகுப்பு_டீச்சர் (11.05)
24-இல் ஒத்துப்போனவை: அட்டவணை 21, அளவீடு 13, முடிவு 9, ஆர்வம் 8.
அவர் ஆய்வகத்தில் இல்லை. நோட்டுகளை மட்டும்தான் கொடுத்தேன்.

மலைக்கோட்டை (11.19)
அப்படியானால் ஆர்வத்துக்கு எதைப் பார்த்து மதிப்பெண் போட்டார் என்று அவரிடம் கேளுங்கள்.

ஒன்பதாம்வகுப்பு_டீச்சர் (11.41)
தொலைபேசியில் கேட்டேன். கையெழுத்தையும் படம் வரைந்த அழகையும் பார்த்துப் போட்டாராம். நான் ஆய்வகத்தில் முன்னால் வந்து நின்றவர்களுக்குப் போட்டேன். எனக்கே சங்கடமாக இருக்கிறது. பின்வரிசையில் ஒரு மாணவி ஒரு வார்த்தை பேசாமல் நான்கு நீளங்களையும் இரண்டு முறை அளந்திருக்கிறாள். அவளுக்கு நான் 2 போட்டிருக்கிறேன்.

எண்ணிக்கைப்_பிரியன் (சனி, காலை 7.02)
நான் சொன்னதுதான். ஆர்வத்தையும் எண்ணுங்கள். எத்தனை முறை கேள்வி கேட்டார், எத்தனை முறை கை தூக்கினார்.

மலைக்கோட்டை (7.30)
எண்ணலாம், இருவருக்கும் ஒரே எண்ணிக்கைகூட வரும். ஆனால் அந்தப் பின்வரிசை மாணவிக்கு அப்போதும் 2-தான் கிடைக்கும். ஆர்வம் மனத்துக்குள் இருப்பது, நாம் பார்ப்பது நடத்தையை. எந்த நடத்தையை விரும்புகிறீர்களோ அதையே எழுதுங்கள். 'தன் முறை வரும்போது ஊசலைக் கையாண்டார், மற்றவர் கையாளும்போது நேரத்தைக் குறித்தார்' என்பது கண்ணால் பார்க்கக்கூடியது. அதை ஆய்வகத்தில் இருப்பவர்தான் குறிக்க முடியும். நோட்டு மட்டும் கையில் இருப்பவருக்கு அந்தக் கூறே போகக் கூடாது.

கொல்லிமலை_தலைமையாசிரியர் (8.15)
ஆர்வத்தை எடுத்துவிடுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. மதிப்பெண் இல்லாத எதையும் பிள்ளைகள் பொருட்படுத்துவதில்லை. எங்கள் பள்ளியில் அதை நீக்கிய ஆண்டு, குழுவில் இரண்டு பேர் வேலை செய்ய மூன்று பேர் வேடிக்கை பார்த்தார்கள்.

செவிலியர்_பயிற்றுநர் (8.40)
குணத்துக்கு மதிப்பெண் போடுவதே தவறு என்பேன். அமைதியான பிள்ளைகள் ஆண்டுதோறும் இதில் அடிபடுகிறார்கள். நானும் அப்படிப்பட்ட மாணவியாக இருந்தவள்.

கொல்லிமலை_தலைமையாசிரியர் (8.52)
குணத்துக்கு அல்ல, உழைப்புக்கு. வீட்டில் யாரும் கவனிக்காத பிள்ளைக்கு நாங்கள் கொடுக்கக்கூடிய ஒரே ஊக்கம் அதுதான். அதைப் பறிக்காதீர்கள்.

நாற்பதாண்டு_அனுபவம் (9.10)
ஆசிரியரின் மனச்சாட்சி இருக்கும்போது இத்தனை வரிகள் எதற்கு?

மலைக்கோட்டை (9.25)
ஐயா, இங்கே இரண்டு ஆசிரியர்களுக்கும் மனச்சாட்சி இருக்கிறது, மதிப்பெண்தான் இரண்டாக வருகிறது. ஆர்வம் பற்றிய வாதத்தைத் தனியே வைத்துக்கொள்வோம், திங்கட்கிழமை நெருங்குகிறது.

டீச்சர், 'அளவீடு' வரிசையில் மிக, ஓரளவு என்ற சொற்களை அடித்துவிட்டுப் படியுங்கள். மேல் மூன்று நிலைகளும் ஒரே வாக்கியமாகிவிடும். வேறுபாடு முழுவதும் அந்தச் சொற்களில்தான் தொங்குகிறது. ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய ஐயம் 'துல்லியம்' என்ற சொல்மேல். அதிகமாக முரண்பட்ட நோட்டு ஒன்றை எடுத்து, 100 செ.மீ.க்கு என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லுங்கள்.

ஒன்பதாம்வகுப்பு_டீச்சர் (10.03)
38.1, 38.2 வினாடி. நான் 2, அவர் 5.

மலைக்கோட்டை (10.20)
இதைத்தான் எதிர்பார்த்தேன். 100 செ.மீ. ஊசலுக்கு ஓர் அலைவு ஏறத்தாழ 2 வினாடி, 20 அலைவுக்கு 40 வினாடி வர வேண்டும். இந்த மாணவர் குண்டை விட்டவுடனேயே 'ஒன்று' என்று எண்ணத் தொடங்கியிருப்பார். 'இருபது' என்று சொல்லும்போது 19 அலைவுகள்தான் முடிந்திருக்கும், அது 38 வினாடிதான். விடும்போது 'பூஜ்யம்' என்று சொல்லப் பழக்காத வகுப்பில் பாதிப் பேர் இப்படித்தான் எண்ணுவார்கள்.

நீங்கள் 40-இலிருந்து விலகியதைப் பார்த்து 2 போட்டீர்கள். அவர் இரண்டு அளவீடுகளும் ஒன்றுக்கொன்று நெருங்கியிருப்பதைப் பார்த்து 5 போட்டார். உண்மை மதிப்புக்கு அருகில் இருப்பது ஒன்று, மறுபடி மறுபடி அளந்தாலும் ஒரே விடை வருவது வேறொன்று. இருவர் செய்ததும் சரி. உங்கள் சொல் இரண்டையும் ஒரே பைக்குள் போட்டுவிட்டது. இரண்டு கூறுகளாகப் பிரியுங்கள்.

திரும்ப அளத்தலுக்கு நான் எழுதுவது:
4: ஒவ்வொரு நீளத்துக்கும் இரண்டு அளவீடுகள் உள்ளன, அவை 1 வினாடிக்குள் ஒத்துள்ளன. ஒத்துவராத இடத்தில் மூன்றாவது அளவீடு உள்ளது.
3: ஒவ்வொரு நீளத்துக்கும் இரண்டு உள்ளன, ஆனால் ஒத்துவராத இடத்தில் மூன்றாவது இல்லை.
2: ஏதேனும் ஒரு நீளத்துக்காவது ஒரே அளவீடுதான் உள்ளது.
1: ஏதேனும் ஒரு நீளத்துக்கு அளவீடே இல்லை.
கீழிருந்து மேலாகப் படித்து, முதலில் பொருந்தும் நிலையில் நிறுத்துங்கள். ஒரு நோட்டு இரண்டு இடங்களில் விழாது.

எண்ணிக்கைப்_பிரியன் (10.41)
பாருங்கள், கடைசியில் எண்தானே வந்தது.

மலைக்கோட்டை (10.55)
எண் வந்தது, ஆனால் எதை எண்ணுவது என்பதை முதலில் முடிவு செய்த பிறகு. உங்கள் '1-2 பிழை' முறையில், அலகு எழுத மறந்ததும் 19-ஐ 20 என்று எண்ணியதும் ஒரே எடை பெறும். முதலாவது கவனக்குறைவு, இரண்டாவது முழு அட்டவணையையும் சாய்த்துவிடும்.

வேதாரண்யம்_இயற்பியல் (11.30)
ஒரு எச்சரிக்கை. இந்த வாசகத்தை முன்கூட்டியே மாணவர்களிடம் கொடுத்தால் 40.1, 40.1 என்று இரண்டாவது அளவீட்டை அளக்காமலேயே எழுதிவிடுவார்கள். என் வகுப்பில் நடந்தது. எட்டு அளவீடுகளில் தசமப் புள்ளிக்குப் பின்வரும் இலக்கம்கூட மாறவில்லை என்றால் நான் ஊசலைக் கையில் கொடுத்து மறுபடி அளக்கச் சொல்வேன். நோட்டை மட்டும் வைத்து இதைத் தீர்க்க எனக்கு வழி தெரியவில்லை.

மலைக்கோட்டை (11.48)
உண்மை. எனக்கும் தெரியவில்லை.

'முடிவு' பற்றி. 'புரிந்து' என்பதை எந்தப் பக்கத்தில் பார்ப்பீர்கள், டீச்சர்? 'ஆழமாக', 'நன்கு' இரண்டில் எது மேல்? நான்கு வாசகங்களையும் நிலைப் பெயர் இல்லாமல் நான்கு துண்டுச் சீட்டுகளில் எழுதி, அறிவியல் நடத்தாத ஒருவரிடம் கொடுத்து அடுக்கச் சொல்லுங்கள்.

ஒன்பதாம்வகுப்பு_டீச்சர் (பிற்பகல் 2.20)
கணக்கு டீச்சரிடம் கொடுத்தேன். 'நன்கு புரிந்து தெளிவாக விளக்கியுள்ளார்' என்பதை முதலாவதாக வைத்தார். தெளிவும் சேர்ந்திருப்பதால் அதுதான் மேல் என்றார். 'ஆழமாக' இரண்டாவதாகப் போனது.

மலைக்கோட்டை (2.45)
புரிந்தவர் எழுதக்கூடியது என்ன, புரியாதவர் எழுத முடியாதது என்ன என்று யோசியுங்கள். உங்கள் அட்டவணையிலேயே அது இருக்கிறது. 25 செ.மீ.க்கு ஏறத்தாழ 20 வினாடி, 100-க்கு 40. நீளம் நான்கு மடங்கு, நேரம் இரண்டு மடங்கு. நீளம் இரட்டித்தால் நேரம் இரட்டிக்காது என்று தன் அட்டவணையின் இரண்டு வரிகளைக் காட்டி எழுதியிருந்தால் 4. நீளம் கூடினால் நேரம் கூடும் என்று தன் அளவீடுகளைக் காட்டி எழுதினால் 3. அதே வாக்கியம், அளவீடு எதுவும் காட்டாமல், 2. முடிவே இல்லை, அல்லது தன் அட்டவணைக்கே முரணாக எழுதியிருக்கிறார் என்றால் 1.

வேதாரண்யம்_இயற்பியல் (3.10)
கரும்பலகையைப் பார்த்து எழுதியதும் 4 வாங்கிவிடுமே. 60 செ.மீ.க்கு எவ்வளவு வரும் என்று அளக்காமல் கணித்து எழுதச் சொல்லலாம். 31 வினாடிக்கு அருகில் எழுதுபவருக்கு அட்டவணையைப் படிக்கத் தெரிந்திருக்கிறது.

மலைக்கோட்டை (3.22)
அடுத்த முறைக்கு மிக நல்ல யோசனை. இந்த நோட்டுகளில் அந்தக் கேள்வி இல்லை, கேட்காததற்கு மதிப்பெண் குறைக்க முடியாது.

ஒன்பதாம்வகுப்பு_டீச்சர் (ஞாயிறு, இரவு 8.50)
ஆர்வத்தை இந்த முறை விட்டுவிட்டேன். அளவீட்டை இரண்டாகப் பிரித்ததால் கூறு நான்குதான். ஒன்றுக்கு நான்கு வீதம் வரும் 16-ஐ 20-க்கு மாற்றிக்கொண்டோம். இருவரும் முதலில் மூன்று நோட்டுகளைச் சேர்ந்து பார்த்தோம், பிறகு மீதி 21-ஐத் தனித்தனியாகத் திருத்தினோம். முடிவில் 17, திரும்ப அளத்தலில் 20 நோட்டுகள் ஒத்துப்போயின. உண்மை மதிப்புக்கு நெருக்கம் என்ற கூறில் இன்னும் 13-தான். 38 வினாடி எழுதியவரை எங்கே வைப்பது என்று இருவருக்கும் உடன்பாடு இல்லை. எண்ணும் முறை மட்டும்தான் தவறு, அளந்தது சரி என்கிறார் அவர். பின்வரிசை மாணவிக்கு இப்போது 18. நன்றி, நோட்டுகளைக் கட்ட வேண்டும்.

கொல்லிமலை_தலைமையாசிரியர் (9.15)
ஆர்வத்தை விட்டது பற்றி நாம் இன்னும் பேசி முடிக்கவில்லை.

வேதாரண்யம்_இயற்பியல் (9.40)
டீச்சர், அந்த 38 வினாடி நோட்டுகளில் மற்ற மூன்று நீளங்களையும் பார்த்தீர்களா? 25 செ.மீ.க்கு 19 என்றும் 50-க்கு 27 என்றும் இருந்தால் எண்ணிக்கைப் பிழைதான். 100 மட்டும் குறைந்திருந்தால், அந்த ஒரு நீளத்துக்கு நூலை 100 செ.மீ.க்குக் குறைவாக விட்டிருக்கிறாரா என்று பாருங்கள்.