தங்கச்சி எழுதிக் கொடுத்த நோட்டரி பேப்பர் போதுமா? (கொழிஞ்சாம்பாறை, பொள்ளாச்சி பூர்வீகச் சொத்து)

தோப்புக்காரன்: அப்பா 2019-ல தவறிட்டார், உயில் இல்லை. கேரளாவுல கொழிஞ்சாம்பாறையில 3 ஏக்கர் தோப்பு, தமிழ்நாட்டுல பொள்ளாச்சி பக்கம் 2 ஏக்கர், ரெண்டும் பூர்வீகம். அம்மா, நான், தம்பி, தங்கச்சி. பிள்ளைங்க மூணு பேரும் 1980-க்கு மேல பிறந்தவங்க. தங்கச்சி 5 லட்சம் வாங்கிட்டு, பங்கு வேண்டாம்னு 100 ரூபாய் பத்திரத்துல நோட்டரி முன்னால கையெழுத்துப் போட்டுடுச்சு. நாளைக்கு அதுவோ அது பிள்ளைகளோ கேஸ் போட முடியுமா?

ஆனைமலைக் காத்து: கவலைப்படாதீங்க. குடும்ப ஏற்பாட்டுக்குப் பதிவே வேண்டாம்னு 1976-ல காலே வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு. பணம் வாங்கினவங்க திரும்பி வந்து கேட்க முடியாது.

ஆதாரம் எழுத்து: காத்து சார், பாதியிலேயே நிறுத்திட்டீங்க. வாய்மொழியா ஏற்கெனவே முடிஞ்ச ஏற்பாட்டை ஞாபகத்துக்காக எழுதி வெச்சா பதிவு வேண்டாம். எழுத்தாலதான் உரிமையே மாறுதுன்னா பதிவு கட்டாயம்னும் அதே தீர்ப்பு சொல்லுது. தோப்புக்காரரே, பேப்பரை எடுத்து வினைச்சொல்லைப் பாருங்க. “இதற்கு முன் பேசிப் பிரித்துக்கொண்டபடி” என்று இருக்கா, “இன்று முதல் என் பாகத்தை விட்டுக்கொடுக்கிறேன்” என்று இருக்கா?

தோப்புக்காரன்: ரெண்டாவதுதாங்க.

ஆதாரம் எழுத்து: அப்ப அது விடுதலைப் பத்திரம். பதிவு இல்லாம பங்கு கைமாறினதுக்கு அதைச் சாட்சியமா வைக்க முடியாது. நோட்டரி முத்திரை கையெழுத்தை உறுதி செய்யும், பதிவுக்கு ஈடாகாது.

ஆனைமலைக் காத்து: பணம் வாங்கினது பாங்க் கணக்குல இருக்குமே? வாங்கி அனுபவிச்சவங்க மறுக்கக் கூடாதுன்னும் அதே தீர்ப்புல இருக்கு.

ஆதாரம் எழுத்து: இருக்கு. அது நீங்க கோர்ட்ல நின்னு வாதாட வேண்டிய வாதம். பதிஞ்ச பத்திரம் இருந்தா வழக்கு அந்த அளவுக்கே போகாது.

மீனாட்சிபுரம் செல்வி: எங்க அப்பா தன் சம்பாத்தியத்துல வாங்கின வீட்டை அண்ணன் பேருக்கு உயில் எழுதிட்டார். எனக்கும் 2005 இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டப்படி பங்கு உண்டுதானே?

ஆதாரம் எழுத்து: அது வேற கதைங்க அம்மா. சுயசம்பாத்தியத்தை அவர் இஷ்டப்படி எழுதலாம். உயில் செல்லாதுன்னு ஆனாத்தான் உங்களுக்குப் பங்கு.

தோப்புக்காரரே, உங்க விஷயத்துல பெரிய ஓட்டை அம்மாவோட பங்கு. அதை யாரும் கேட்கலை. கேரளத்துல கூட்டுக் குடும்பத்தை ஒழிச்ச 1975-ம் வருஷச் சட்டம் 1976 டிசம்பர் 1-ல அமலுக்கு வந்துச்சு. அதுக்கப்புறம் பிறந்தவங்களுக்குப் பிறப்புரிமை இல்லைன்னு எடுத்துக்கிட்டா, 300 சென்ட் தோப்பு நாலு பேருக்கும் 75 சென்ட். தங்கச்சி தன் 75-ஐ, கேரளத்துல ஒழிமுறின்னு சொல்ற விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிஞ்சு கொடுத்துட்டாலும் அம்மாவோட 75 அம்மாவுடையதுதான். அம்மா உயில் எழுதாம காலமானா அதுல மூணுல ஒண்ணு, 25 சென்ட், தங்கச்சிக்குப் புதுசா வந்து சேரும். வரப்போற பங்கை இன்னைக்கே விட்டுக்கொடுக்க முடியாது, கையில இல்லாததை எப்படிக் கொடுக்கறது? அதனால அம்மாவே தன் பங்கைத் தனநிச்சயமா, அதாவது செட்டில்மென்ட் பத்திரமா, உங்க ரெண்டு பேருக்கும் எழுதணும். ஆயுட்கால அனுபவத்தை அவங்க பேர்லயே வெச்சுடுங்க. வயசானவங்களை வெறுங்கையா நிறுத்தக் கூடாது.

பாலக்காட்டு ஜூனியர்: 75 கணக்கை நான் ஏத்துக்க மாட்டேன். 2004 டிசம்பர் 20-க்குப் பிறகு இறந்தவரோட மகளுக்குப் பூர்வீகத்துல சம பங்குன்னு 2025 ஜூலையில கேரள ஹைகோர்ட் சொல்லியிருக்கு. அந்த 1975 சட்டத்தோட 3, 4 பிரிவுகள் 2005 மத்திய சட்டத்தோட ஒத்துப்போகலைன்னும் சொல்லுது. அப்படின்னா தோப்புக்கும் பொள்ளாச்சிக் கணக்குதான்: அப்பாவும் மூணு பிள்ளைகளும் தலா கால் பங்கு, அப்பாவோட கால் மறுபடி நாலாப் பிரியும். பிள்ளைக்கு 16-ல 5, அம்மாவுக்கு 16-ல 1. பொள்ளாச்சி 200 சென்ட்ல பிள்ளைக்கு 62.5, அம்மாவுக்கு 12.5.

ஆதாரம் எழுத்து: மேல் கோர்ட் என்ன சொல்லும்னு பார்க்கணும். அதனாலதான் பத்திரத்துல பின்னத்தை எழுதாம, “எனக்கு எந்த வகையில் எவ்வளவு பாத்தியம் இருந்தாலும் அத்தனையும்” என்று தங்கச்சி எழுதணும். எந்தக் கணக்கு ஜெயிச்சாலும் பத்திரம் நிக்கும்.

ரெண்டு பத்திரமா எழுதுங்க. தோப்புக்கு அந்தப் பக்கம், பொள்ளாச்சி நிலத்துக்கு இந்தப் பக்கம். ஒரே பத்திரத்துல போட்டா ஒரு பக்கத்து வில்லங்கத்துல தெரியாமப் போகலாம், முத்திரைத் தீர்வையும் ரெண்டு மாநிலத்துல ரெண்டு விதம். 5 லட்சம் எந்தத் தேதியில, எந்தக் கணக்குலேர்ந்து போச்சுன்னு ரெண்டுலயும் வரட்டும். சர்வே எண்ணோட கிணத்துப் பங்கு, பம்ப்செட், நடைபாதை எல்லாம் சொத்து விவரத்துல ஏறணும். கிணத்துல கால் பங்கு விட்டுப்போனா அதை வெச்சே பாகவழக்கு வரும்.

ஆனைமலைக் காத்து: செலவு?

ஆதாரம் எழுத்து: தமிழ்நாட்டுல குடும்பத்துக்குள்ள விடுதலைக்கு முத்திரை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000. பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000. 2023 ஜூலையிலிருந்து இதுதான். பதிஞ்ச கையோட இங்க பட்டா மாறுதலும் அங்க அதே வேலையான போக்குவரவும் முடிச்சுடுங்க.

தோப்புக்காரன்: அம்மா தனநிச்சயம் எழுதச் சம்மதிக்கலைன்னா?

பாலக்காட்டு ஜூனியர்: அவங்களை வற்புறுத்த வழியில்லை. தங்கச்சியோட ரெண்டு பத்திரத்தை மட்டும் பதிஞ்சுக்கோங்க. அம்மா பங்கு திறந்துதான் இருக்கும்.