கேட் டேட்டா சயின்ஸ் தாள்: எதை ஆழமாகப் படிப்பது?

2027 கேட் தேர்வில் DA தாள் எழுதப்போகிறேன். 2024-இல்தான் அறிமுகமான தாள் என்பதால் பழைய வினாத்தாள் மூன்றே மூன்று. பாடத்திட்டமோ ஏழு பெரும் பகுதிகள்.

நிகழ்தகவையும் நேரியல் இயற்கணிதத்தையும் ஆழமாகப் படிக்கிறேன். ஐகன் மதிப்பு தெளிவானால் பிசிஏ பாதி முடிந்த மாதிரி. பேயஸ் தேற்றம் நாயிவ் பேயஸுக்கும் கைகொடுக்கும். அல்காரிதம், டேட்டாபேஸுக்குப் பழைய CS தாள்கள் இருக்கின்றன, புள்ளியியலுக்கு ST தாள்கள். சரி, மெஷின் லேர்னிங்குக்கும் ஏஐக்கும் எங்கே போவது? வேரியபிள் எலிமினேஷனை நாலு மாறிகள் கொண்ட வலையில் கையால் போட்டுப் பார்த்தால் போதுமா? சாம்ப்ளிங் முறைகளை எதுவரை படிப்பது? டேட்டா வேர்ஹவுசிங்கை மேலோட்டமாக விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். இந்தத் தாளை எழுதியவர்கள் சொல்லுங்களேன்.