புதுப்பிப்பு: பட்டை விழுந்த எல்இடி பலகைப் படங்கள்

முன்பு கேட்டது: "மூடிய கடையின் ஓடும் எழுத்துப் பலகையைப் போனில் 9 படம் எடுத்தேன், எல்லாவற்றிலும் கோடு கோடாக, பாதி எழுத்துதான். முழு வாசகத்தையும் எடுக்க முடியுமா?"

பெரும்பாலும் முடிந்தது. பலகை பழுது இல்லை. 32×16 புள்ளி கொண்ட பி10 வகை, ஒரு நேரத்தில் 16 வரிசையில் 4 மட்டுமே எரியும், வெயிலில் ஷட்டர் வேகம் கூடினால் மீதி இருட்டாகவே பதியும். பதிலில் ஷட்டரை மெதுவாக்கச் சொன்னவர் பாதி சரி: கோடு போகும், ஆனால் ஓடும் எழுத்து இழுபடும்.

கைகொடுத்தது பலகை பழுதுபார்க்கும் அண்ணன் சொன்ன வழிதான். ஒவ்வொரு படத்தையும் நேராக்கி, ஒரு புள்ளிக்கு ஒரு பிக்சல் எனச் சுருக்கி, இரண்டு படத்திலும் தெரிந்த 'டை' என்ற எழுத்தை வைத்து எத்தனை புள்ளி நகர்ந்திருக்கிறது என்று எண்ணி அவ்வளவு தள்ளி வைத்தேன். அப்புறம்:

```
convert *.png -evaluate-sequence max ../out.png
```

முதல் தடவை தள்ளாமலே அடுக்கிவிட்டேன், எல்லா எழுத்தும் இரட்டையாக வந்தது!

கிடைத்த வாசகம்: "கடை 1? முதல் மாடியில் இயங்கும்". கேள்விக்குறி போட்ட இலக்கம் 6-ஆ 8-ஆ தெரியவில்லை. வலது மேல் புள்ளிகள் இருக்கும் வரிசை எந்தப் படத்திலும் எரியவில்லை.